கலாவெவவும் ஓலைச்சுவடியும்

ரொம்ப நாளாயிற்று இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, மன்னிக்கவும். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்.

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது, என் வாய்க்கு இன்னும் பழகவில்லை) கோடை வந்தால் குழாயில் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் டிரம், குடம், பக்கெட், போன வருஷத்து பெயிண்ட் டப்பா வரை எல்லாவற்றையும் நிரப்பி வைக்க வேண்டும். இங்கே வருஷத்துக்கு சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. என் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். அங்கே மூன்று வருஷம் பெய்தால்தான் இந்தக் கணக்கு வரும். மழையில் முக்கால்வாசி மேட்டிலிருந்து நேராகக் கடலுக்குப் போய்விடுகிறது. தனிக்காரி அணையில் தேங்குவதை வைத்துத்தான் ஊரே ஓடுகிறது.

டிரம் நிரப்பும்போது பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்து நிற்பார். கச்சால் தீவிலிருந்து வந்தவர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் சில, நிக்கோபாரில் கச்சால் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அதில் ஒரு குடும்பம் அவருடையது. 2004 சுனாமிக்குப் பிறகு மகனோடு இங்கே வந்துவிட்டார். போன வாரம் டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நாங்க கண்டியிலேருந்து தலைமன்னாருக்கு கோச்சியில வந்தோம். ஒப்பாரிக் கோச்சின்னு பேரு, பெட்டி முழுக்க அழுகை. அனுராதபுரம் தாண்டுற எடத்துல ஜன்னல் வழியா ஒரு தண்ணி தெரிஞ்சுது. கடல் வந்திருச்சுன்னு நெனைச்சு நான் கத்துனேன். எங்கப்பா சொன்னாரு, கடல் இல்லடா, குளம்."

அது எந்தக் குளம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொழிலால் சிவில் எஞ்சினியர் என்பதால், ராஜாக்களைவிட மண்கரை மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். படித்துக்கொண்டே போனால் ஒரே ராஜாவிடம் குளமும் சுவடியும் சேர்ந்து மாட்டின. அவன் கதைதான் இது.

முதலில் இடம். அனுராதபுரம் இலங்கையின் வறண்ட பகுதி. வருஷத்துக்கு சுமார் 1,300 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும். மே முதல் செப்டம்பர் வரை வெயிலும் காற்றும்தான். நெல் போட வேண்டுமென்றால் பெய்ததைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் கிராமத்துச் சின்னக் குளங்கள். ஒரே பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழே ஒன்றன்பின் ஒன்றாக. மேல் குளத்து வயலில் பாய்ந்த தண்ணீர் வடிந்து கீழ்க் குளத்துக்கு வரும், அங்கிருந்து அடுத்ததற்கு. நம்ம ஊர்ச் சங்கிலிக் கண்மாய் மாதிரியேதான். கிறிஸ்துவுக்கு முந்தைய பிராமிக் கல்வெட்டுகளிலேயே அங்கே 'வாபிஹமிக' என்று ஒரு பட்டம் வருகிறது. குளத்துக்கு உடையவர் என்று பொருள். அப்புறம் ராஜாக்கள் இறங்கினார்கள். முதலாம் நூற்றாண்டில் வசபன், மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மின்னேரியா கட்டிய மகாசேனன், ஐந்தாம் நூற்றாண்டில் நம்ம ஆள் தாதுசேனன்.

தாதுசேனன் கட்டியதில் பெரியது கலாவெவ. பழைய பெயர் காலவாபி. கலா ஓயா என்ற ஆற்றை மறித்து மைல் கணக்கில் நீளும் மண்கரை, உயரம் சுமார் 40 அடி. தண்ணீர் பரப்பு, பக்கத்தில் ஒட்டிய பலலு வெவவையும் சேர்த்து 6,000 ஏக்கருக்கு மேல். இப்போதைய கொள்ளளவு சுமார் 12 கோடி கன மீட்டர். ஆனால் அளவைப் பார்த்து நான் வாயைப் பிளக்கவில்லை. ஆள்பலம் இருந்தால் மண்ணைக் கொட்டிவிடலாம். அங்கிருந்து கிளம்பும் கால்வாய்தான் என்னை உட்கார வைத்தது.

கலாவெவவிலிருந்து அனுராதபுரம் காக்கா பறக்கிற தூரத்தில் சுமார் 40 கிலோமீட்டர். கால்வாயோ வளைந்து வளைந்து 87 கிலோமீட்டர் போய் நகரத்துத் திஸ்ஸ வெவவில் விழுகிறது. பெயர் ஜய கங்கை, ஊர்க்காரர்கள் யோத எல என்பார்கள். முதல் 17 மைலுக்கு அதன் வாட்டம் மைலுக்கு ஆறு அங்குலம். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு மைல் என்பது 63,360 அங்குலம். அதில் ஆறு அங்குலம் இறக்கம் என்றால் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. 17 மைல் நடந்து முடித்தால் மொத்தமாக எட்டரை அடி இறங்கியிருப்பீர்கள், ஒரு வீட்டு அறையின் உயரம்கூட இல்லை. நம் வீட்டு பாத்ரூம் தரைக்கு மேஸ்திரி கொடுக்கிற வாட்டம் நூற்றுக்கு ஒன்று இருக்கும், அதிலேயே பாதி வீடுகளில் தண்ணீர் மூலையில் தேங்கும்!

எந்தக் கருவியை வைத்து மட்டம் பிடித்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. என் ஊகம், தண்ணீரையே மட்டப்பலகையாக வைத்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம் வெட்டு, தண்ணீர் விடு, நின்றால் சரி, ஓடினால் திருத்து, அடுத்த துண்டுக்குப் போ. இந்த முறைக்குக் கால்வாயின் அமைப்பே துணை செய்கிறது. அதற்கு இரண்டு கரை கிடையாது, பள்ளத்துப் பக்கம் மட்டும்தான் கரை. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். அதனால் பள்ளமான இடங்களில் கால்வாய் அகன்று சின்னக் குளம்போல் நிற்கும், மேட்டிலிருந்து வரும் மழைநீரும் வழியிலேயே வந்து சேர்ந்துகொள்ளும். மெதுவாக ஓடுவதால் மண் அரிப்பும் இல்லை. வேகமாக ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டுமென்று நினைக்கிறவன் இப்படி வெட்டமாட்டான். வழியில் உள்ள அத்தனை கிராமத்துக்கும் கொடுத்துக்கொண்டே போக நினைக்கிறவன்தான் வெட்டுவான்.

சரி, கரை கட்டியாயிற்று, கால்வாய் வெட்டியாயிற்று. கரையைத் துளைத்துத் தண்ணீரை வெளியே எடுப்பது எப்படி? மண் அணை கட்டியவர்கள் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிற இடம் இதுதான்.

மதகின் வாய்க்கு மேலே 9 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். திறந்தால் அது வெளியேறும் வேகம் விநாடிக்கு 13 மீட்டருக்கு மேல் வரும். மணிக்கு 48 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ ஓட்டமாக ஓடுகிற வேகம். அந்த வேகத்தில் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள கல் கால்வாயை உலுக்கும். கல்லின் இடுக்கு திறந்தால் நீர் வெளியே கசிந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். உள்ளே எலி வளை மாதிரி ஒரு குழாய் உண்டாகும். வெளியே இருந்து பார்த்தால் கரை நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் மேலே உள்ள மண் பொத்தென்று உட்காரும், கதை முடிந்தது.

சின்னக் குளத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. நம் கண்மாய்களில் இரண்டு கல்தூண் நட்டு, துளை போட்ட கல்லில் மரக்கட்டையைச் செருகி, கம்பியால் தூக்கி இறக்குவார்கள். சில ஊர்களில் மடையன் முங்கிப் போய்த் திறப்பான். 30 அடி ஆழத்தில் அது நடக்காது. இலங்கைக்காரர்கள் செய்தது இது. கரையின் உட்சரிவில், தண்ணீர்ப் பக்கமாக, செதுக்கிய கற்களால் ஒரு சதுரக் கிணறு கட்டினார்கள். கல்லுக்குப் பின்னால் செங்கல், அதற்குப் பின்னால் மிதித்துப் பிசைந்த களிமண். குளத்திலிருந்து தண்ணீர் ஒரு கல் கால்வாய் வழியாகக் கிணற்றுக்குள் வரும். கதவு இந்தக் கிணற்றுக்குள்தான். பாய்ந்து வருகிற தண்ணீர் கிணற்றில் மோதிச் சுழன்று வேகத்தை இழந்து, பிறகு கரைக்கு அடியில் உள்ள கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். உள்ளே வரும் வழியைவிட வெளியே போகும் வழி பெரிதாக இருந்தால் வேகம் இன்னும் குறையும். பெயர் பிஸோகொட்டுவ. சிங்களத்தில் ராணியின் அடைப்பு என்று சொல்லலாம். நம் கல்வெட்டுகளில் வரும் குமிழியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதைத் தோண்டி அளந்து உலகத்துக்குச் சொன்னவர் ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசன எஞ்சினியர். 1909-இல் வெளிவந்த 'ஏன்ஷியன்ட் சிலோன்' என்ற புத்தகத்தில் ஆழமான குளத்துக்கு வேண்டிய இந்த மதகுக் கிணற்றை முதலில் கண்டுபிடித்தவர்கள் இவர்களே என்கிறார். காலனி அரசாங்கச் சம்பளக்காரர் இப்படி எழுதியது எனக்குப் பிடித்தது.

கரை கெட்டுப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், கரையின் வெளி அடிவாரத்தில் நடந்து பார்க்க வேண்டும். எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும், பயமில்லை. கசிவு தெளிவாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். திருகோணமலைப் பக்கத்துக் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 விடியுமுன் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கரை மேல் கனரக வண்டிகள் ஓடியதையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். அந்தக் குளத்தைக் கட்டியது ஏழாம் நூற்றாண்டு இரண்டாம் அக்கபோதி என்று ஒரு கணக்கு. திருகோணமலைத் தமிழர்களைக் கேட்டால் குளக்கோட்டன் என்பார்கள். குளமும் கோட்டமும் கட்டியதால் அந்தப் பெயராம்.

இப்போது சுவடிக்கு வருவோம். ஒரு ராஜா ஐந்தாம் நூற்றாண்டில் குளம் வெட்டினான் என்று நமக்கு எப்படித் தெரியும்? பௌத்த பிக்குகள் எழுதி வைத்ததால். இலங்கையில் எழுதும் வழக்கத்துக்கே பஞ்சம் ஒரு காரணம் என்பது எனக்குப் புதிய செய்தி. திரிபிடகம் முழுவதையும் வாய்ப்பாடமாகத்தான் வைத்திருந்தார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி காலத்தில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம் வந்ததாக உரைநூல்கள் சொல்கின்றன. பிக்குகள் செத்தார்கள், சிலர் நம் கரைக்கு ஓடிவந்தார்கள். மனப்பாடம் செய்தவர் செத்தால் நூலும் செத்துவிடும் என்று புரிந்தது. அந்த ராஜா காலத்திலேயே ஓலையில் எழுதினார்கள். பனை ஓலை அல்ல, தாளிப்பனை ஓலை.

வரலாற்று நூல்களில் முதலாவது தீபவம்சம், நான்காம் நூற்றாண்டுவாக்கில். கரடுமுரடான பாலி. அடுத்தது மகாவம்சம், மகாநாமர் என்ற தேரர் எழுதியது, மகாசேனனோடு நிற்கிறது. பிறகு வந்தவர்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனார்கள். அந்தத் தொடர்ச்சியை சூளவம்சம் என்பார்கள். அதில் ஒரு வரி. தாதுசேனன் ஆயிரம் காசு கொடுத்து தீபவம்சத்தை விளக்கும்படி ஆணையிட்டானாம். விளக்கு என்றால் மக்களுக்கு வாசித்துச் சொல்வதா, புது நூல் எழுதுவதா என்று பண்டிதர்களுக்குள் சண்டை. புது நூல்தான் என்றால் மகாவம்சமே அந்த ஆயிரம் காசில் பிறந்தது.

பிக்குகள் ஏன் குளங்களை எண்ணி எண்ணி எழுதினார்கள்? குளத்து வருமானத்தில் பங்கு விகாரைக்கு எழுதி வைக்கப்பட்டது. தண்ணீருக்கு வாங்கும் வரிக்குத் 'தகபதி' என்று பெயர், அதையே பிக்கு சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. கலாவெவத் தண்ணீர் போய் விழுந்ததே விகாரைகள் நிறைந்த நகரத்தில். சோறு எங்கிருந்து வருகிறதோ அதைப் பற்றி யாரும் எழுதத்தானே செய்வார்கள்.

ஆனால் சோறு போட்டவனை அவர்கள் சும்மா புகழவில்லை. தாதுசேனனின் முடிவு கொடூரமானது. அவன் மகளைத் தன் தங்கை மகனான சேனாதிபதிக்குக் கட்டிக் கொடுத்தான். அவன் ஒரு தப்பும் இல்லாமல் அந்தப் பெண்ணைச் சவுக்கால் அடித்தான். ஆடையில் ரத்தத்தைப் பார்த்த ராஜா, கோபத்தில் சேனாதிபதியின் தாயை, தன் கூடப் பிறந்த தங்கையை, எரித்துக் கொன்றான். மருமகன் ராஜாவின் இன்னொரு மகன் காசியப்பனைத் தூண்டிவிட்டான். ராஜா சிறையில். பொக்கிஷத்தை எங்கே ஒளித்தாய் என்று மகன் ஆள் அனுப்பிக் கேட்டான். கலாவெவவுக்குக் கூட்டிப்போ, காட்டுகிறேன் என்றான் தாதுசேனன். போகிற வழியில் வண்டிக்காரன் தன் வறுத்த தானியத்தை அவனோடு பகிர்ந்துகொண்டான். அங்கே தன் பழைய நண்பரான தேரரைப் பார்த்தான். குளத்தில் இறங்கிக் குளித்தான், நீந்தினான், தண்ணீர் குடித்தான். பிறகு காவலர்களிடம், என் பொக்கிஷம் மொத்தமும் இதுதான் என்று குளத்தைக் காட்டினான். திரும்பக் கொண்டுபோய், சங்கிலியில் கட்டி, சுவரில் வைத்துப் பூசிவிட்டார்கள். காசியப்பன் சிகிரியாக் குன்றின் மேல் போய் ஒளிந்தது அதற்கப்புறம்.

இங்கேதான் சூளவம்சம் ஒரு குண்டு போடுகிறது. கலாவெவக் கரை கட்டும்போது அந்த இடத்தில் ஒரு பிக்கு தியானத்தில் உட்கார்ந்திருந்தார். எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. ராஜா அவர் மேலேயே மண்ணைக் கொட்டச் சொன்னான். சுவரில் பூசப்பட்டது அந்த வினையின் பலன் என்கிறது நூல். நடந்ததா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பெரிய அணை கட்டுகிற இடத்தில் முன்பே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்க மறுப்பதை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். அதை அந்தக் காலத்து ஆசிரியர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அதற்காக நூல் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. தாதுசேனனுக்கு முன்னால் ஆறு தமிழ் அரசர்கள் ஏறக்குறைய கால் நூற்றாண்டு அனுராதபுரத்தை ஆண்டார்கள். நூல் அவர்களை நாட்டையும் சாசனத்தையும் கெடுத்தவர்கள் என்கிறது. அவர்களில் குட்டப் பாரிந்தன் என்பவனின் கல்வெட்டு அனுராதபுரத்திலேயே கிடைத்திருக்கிறது. அதில் அவன் தன்னைப் 'புத்ததாசன்' என்று சொல்லிக்கொள்கிறான், விஷயமும் விகாரைக்குக் கொடுத்த கொடை! ஓலை ஒன்று சொல்கிறது, கல் வேறு சொல்கிறது. அதே நூல் எல்லாளனை 44 வருஷம் நீதியோடு ஆண்டவன் என்று புகழ்ந்து, கன்றுக்குட்டிக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட கதையையும் சொல்கிறது. மனுநீதிச் சோழன் கதைதான், திருவாரூரில் நடந்ததாக நாம் படித்தது. இருபதாம் நூற்றாண்டில் இந்த நூலை மேடையில் தூக்கிப் பேசியவர்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எதை மூடினார்கள் என்பது இதை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரியவரின் கோச்சிப் பயணத்திலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

ஒரு நல்லதும் சொல்லவேண்டும். 1837-இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துவிட்டார். ஆனால் தூண்களில் வரும் 'தேவானாம்பிய பியதசி' யார் என்று தெரியவில்லை, முதலில் இலங்கை ராஜா என்றே நினைத்தார். இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர் தீபவம்சத்தைப் பார்த்து, பியதசி என்பது அசோகன் என்று சொன்னார். இந்தியா தன் பெரிய சக்கரவர்த்தியை அடையாளம் கண்டது அந்தக் குளக்கரைச் சுவடிகளிலிருந்து.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கலிங்க மாகன் படையெடுப்புக்குப் பிறகு வடக்கு ராஜ்ஜியம் கலைந்தது. கரையைப் பார்க்க ஆள் இல்லை, குளங்கள் உடைந்தன, காடும் மலேரியாவும் வந்தன. பிக்குகள் தெற்கே போனாலும் ஓலைகளைப் பிரதி எடுப்பதை நிறுத்தவில்லை. கலாவெவவை 1887-இல் பிரிட்டிஷார் பழுதுபார்த்து முடித்தார்கள், 1976-இல் மகாவலித் தண்ணீரும் அதற்கு வந்தது. இன்றைக்கும் அதில் நெல் விளைகிறது.

நேற்று பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ராஜா குளத்தைக் காட்டிய இடம் வந்ததும் என்னை நிறுத்தி, "வறுத்த தானியம் குடுத்தானே அந்த வண்டிக்காரன், அவன் என்ன ஆனான்?" என்று கேட்டார். அவனுக்கு ராஜா தன் இளைய மகன் முகலனிடம் சொல்லி நல்லது செய்ய நினைத்தான் என்று நூல் சொல்வதைச் சொன்னேன். பெரியவர் தலையாட்டிவிட்டுக் குழாயைப் பார்த்தார். காற்றுதான் வந்துகொண்டிருந்தது.